கதவில் ஒட்டிய சம்மன்: வர முடியாதவர்களுக்கு நான்கு நிமிடத்தில் எதைச் சொல்வது?



கோலசிலாங்கூர் வட்டாரத் தோட்டச் செயற்குழுக்களுக்காக நடந்த சட்டக் கருத்தரங்கில், வீட்டைக் காலி செய்யச் சொல்லும் வழக்குகளைப் பற்றி மூத்த வழக்கறிஞர் ஒருவர் ஒன்றரை மணி நேரம் பேசினார். நல்ல பேச்சு. ஆனால் வர வேண்டியவர்களில் பாதிப் பேர் வரவில்லை. அவர்களைக் குறை சொல்ல முடியாது. செம்பனைத் தோட்டத்தில் வேலை முடிந்துபோன குடும்பங்களில் இன்று ஒருவர் தொழிற்சாலை பஸ்ஸில் போகிறார், இன்னொருவர் 12 மணி நேரம் பாதுகாவலர் வேலை பார்க்கிறார். ஞாயிற்றுக்கிழமை என்பது எல்லாருக்கும் விடுமுறை நாள் அல்ல.

பேச்சின் சுருக்கத்தைக் காணொளியாக எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பலாம் என்று செயற்குழு முடிவு செய்தது. அதற்கான எழுத்துப் படியைத் தயாரிக்கும்போது எழுந்த கேள்விகளைத்தான் இங்கே எழுதுகிறேன். மற்ற தோட்டங்களிலும் இதே வேலையைச் செய்யப் போகிறவர்கள் இருக்கிறார்கள்.

என் கருத்து இதுதான். சுருக்கக் காணொளி என்பது ஒன்றரை மணி நேரப் பேச்சை நான்கு நிமிடமாகச் சுருக்குவது அல்ல. காலையில் கதவைத் திறந்து, அதில் ஒட்டியிருக்கும் நீதிமன்றக் காகிதத்தைப் பார்க்கும் மனிதர் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதைச் சொல்வது. இந்த நோக்கத்தை மறந்தால், காணொளி இல்லாமல் இருப்பதைவிடத் தவறான காணொளி அதிகக் கேடு செய்யும்.

பேச்சில் என்ன இருந்தது?

நிலச் சொந்தக்காரர் ஒருவரை வெளியேற்ற விரும்பினால், வழக்கு போட்டு, சாட்சிகளைக் கூண்டில் ஏற்றி, குறுக்கு விசாரணை நடத்தித் தீர்ப்பு வாங்குவது ஒரு வழி. அதற்கு நாள் பிடிக்கும். நீதிமன்ற விதிகள் 2012-இல் 89ஆம் கட்டளை என்று இன்னொரு குறுக்கு வழி இருக்கிறது. இதில் சாதாரணமாகச் சாட்சி விசாரணை கிடையாது. ஒரு சம்மன், அதோடு ஒரு சத்திய வாக்குமூலம். நீதிபதி காகிதங்களைப் பார்த்து, இரு தரப்பு வழக்கறிஞர் வாதத்தைக் கேட்டு முடிவு செய்துவிடலாம்.

இந்த வழி யார் மீது? அனுமதி இல்லாமல் நிலத்தில் நுழைந்தவர் மீதும், அனுமதி முடிந்த பிறகும் தங்கியிருப்பவர் மீதும். வாடகைக் காலம் முடிந்தும் தங்கியிருக்கும் வாடகைக்காரர் மீது இதைப் பயன்படுத்த முடியாது. தோட்டத்து லயன் வீடு எங்கே வருகிறது? கம்பெனி சொல்வது இப்படி: "வீடு வேலையோடு சேர்ந்தது. வேலை முடிந்தது, அனுமதியும் முடிந்தது." நம் மக்கள் சொல்வது வேறு: "எங்கள் தாத்தாவைக் கம்பெனிதான் இங்கே குடி வைத்தது. தோட்டம் விற்ற பிறகும் இருக்கச் சொன்னார்கள். மாற்று வீடு தருகிறோம் என்றார்கள். அதை நம்பித்தான் வேறு இடம் பார்க்கவில்லை."

இந்த இரண்டுக்கும் நடுவில்தான் வழக்கின் உயிர் இருக்கிறது. 1991ஆம் ஆண்டு பொஹாரி பின் தாயிப் வழக்கில் அப்போதைய உச்ச நீதிமன்றம் ஒரு வேறுபாட்டைக் காட்டியது. எந்த உரிமையும் இல்லாமல் புகுந்து குடியிருப்பவர் ஒரு வகை. அனுமதியோடு, ஒப்புதலோடு குடியிருப்பவர் வேறு வகை. இரண்டாவது வகையில், விசாரித்துத் தீர்க்க வேண்டிய கேள்வி இருந்தால், 89ஆம் கட்டளை என்ற குறுக்கு வழி அதற்குப் பொருந்தாது. ஆகவே, அந்தக் கேள்வி இருக்கிறது என்பதை நாம் காகிதத்தில் காட்ட வேண்டும். காட்டினால் முழு விசாரணை கேட்கலாம். காட்டாமல் வீட்டில் உட்கார்ந்திருந்தால், எதிர்த்தரப்பின் வாக்குமூலம் மட்டுமே நீதிபதியின் முன் இருக்கும்.

எங்கே சுருக்கம் பொய்யாகிறது?

இந்தப் பேச்சைக் கேட்ட ஒருவரிடம் "என்ன சொன்னார்?" என்று கேட்டால் பெரும்பாலும் வரும் பதில்: "ரொம்ப வருஷம் குடியிருந்தா வீடு நமக்குத்தானாம். வெளியேத்த முடியாதாம்." இப்படித்தான் ஒரு நல்ல பேச்சு தவறான செய்தியாகிறது. அவர் பொய் சொல்லவில்லை. நிபந்தனையை விட்டுவிட்டார், அவ்வளவுதான்.

சட்டம் இதற்கு நேர் எதிராக நிற்கிறது. தேசிய நிலச் சட்டத்தின் 341ஆம் பிரிவின்படி, பதிவு பெற்ற சொந்தக்காரர் நிலத்தைத் திரும்பக் கேட்பதை, அதில் எத்தனை ஆண்டுகள் யார் குடியிருந்தாலும் தடுக்க முடியாது. 12 வருடம் இருந்தால் நிலம் சொந்தம் என்று காப்பிக்கடையில் பேசுவது வேறு நாடுகளின் சட்டத்திலிருந்து வந்த கதை. இங்கே செல்லாது. 1982-இல் சிடேக் வழக்கில் கூட்டரசு நீதிமன்றமும், அனுமதியின்றிக் குடியிருப்பவருக்குச் சட்டத்திலும் உரிமை இல்லை, நியாய முறையிலும் உரிமை இல்லை என்று சொல்லிவிட்டது.

அப்படியானால் 60 ஆண்டுகள் குடியிருந்ததற்கு மதிப்பே இல்லையா? இருக்கிறது. அது தனியாக நின்றால் மதிப்பு இல்லை. யார் குடி வைத்தார்கள், யார் இருக்கச் சொன்னார்கள், என்ன வாக்குறுதி கொடுத்தார்கள் என்பவற்றோடு சேர்ந்து நின்றால்தான் அது வாதமாகும். "ஆண்டுகள் அல்ல, அனுமதியும் வாக்குறுதியும்" என்ற இந்த ஒரு வரியைக் காணொளியிலிருந்து வெட்டவே கூடாது. வேறு எதை வேண்டுமானாலும் வெட்டலாம்: வழக்கின் பெயர், பிரிவின் எண், பேச்சாளரின் அறிமுகம், நன்றியுரை. பிரிவு எண்ணை நினைவில் வைத்துக்கொண்டு எந்தக் குடும்பமும் வீட்டைக் காப்பாற்றியதில்லை.

இதனால் எழுத்துப் படிக்கு நாம் வைத்துக்கொண்ட விதி எளிமையானது. பேச்சாளர் சொன்ன ஒவ்வொரு கருத்திலும் "ஆனால்", "அப்படியானால்", "இருந்தால்" என்ற சொற்கள் எங்கே வந்தன என்று குறிப்பில் கோடு போடுங்கள். அந்தச் சொல்லோடு சேர்த்துச் சொல்ல இடம் இருந்தால் கருத்தை வைத்துக்கொள்ளுங்கள். இடம் இல்லையென்றால் கருத்தையே எடுத்துவிடுங்கள். பாதிக் கருத்தை வைத்திருக்காதீர்கள்.

நான்கு நிமிடம் என்பது எவ்வளவு?

நிதானமாகப் படித்தால் ஒரு நிமிடத்தில் ஏறக்குறைய 90 சொற்கள் போகும். காகிதத்தைக் காட்டும் இடங்களில் குரல் நிற்க வேண்டும். ஆகவே நான்கு நிமிடக் காணொளிக்கு 300 சொற்களுக்கு மேல் எழுதக் கூடாது. ஒன்றரை மணி நேரப் பேச்சிலிருந்து இந்த அளவுக்குள் மூன்று செய்திகள்தான் அடங்கும். நாம் எடுத்துக்கொண்ட மூன்று: காகிதத்தை எப்படி அடையாளம் காண்பது, அன்றைக்கே என்ன செய்வது, எந்த ஆதாரத்தைத் தேடுவது.

மூன்றாவது செய்திக்கு ஏன் இவ்வளவு இடம் என்று சிலர் கேட்டார்கள். வட சிலாங்கூரில் மேரி, நைகல் கார்ட்னர், சுங்கை திங்கி, மின்யாக், புக்கிட் தாகார் ஆகிய ஐந்து தோட்டங்களின் 245 குடும்பங்கள் வீட்டுக்காக எத்தனை ஆண்டுகள் மனுவும் பேச்சுவார்த்தையும் ஊர்வலமுமாக நடந்தார்கள் என்பது இந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். இப்படி நீளும் விவகாரத்தில் முதல் கூட்டத்தில் இருந்தவர்கள் கடைசிவரை இருப்பதில்லை. நிர்வாகி மாறுகிறார், கம்பெனி பெயர் மாறுகிறது, நம் பக்கத்துச் செயலாளர் காலமாகிவிடுகிறார். அன்று கொடுத்த கடிதம் யார் வீட்டுப் பெட்டியில் இருக்கிறது என்பதுதான் பிறகு கேள்வியாகிறது. சம்மன் வந்த பிறகு தேட நாள் போதாது.

எழுத்துப் படி

இதோ, நாம் முடிவு செய்த படி. பேசுபவர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த பெண் ஒருவர். வழக்கறிஞர் பேசவில்லை. வழக்கறிஞர் பேசினால் மக்கள் பாடம் கேட்பதுபோல் கேட்கிறார்கள், பக்கத்து வீட்டுக்காரர் பேசினால் கேள்வி கேட்கிறார்கள்.

(படம்: லயன் வீட்டுக் கதவு. அதில் ஒட்டிய காகிதம். பெயர், வழக்கு எண் எதுவும் தெரியாத மாதிரிக் காகிதம்.)

"வணக்கங்க. கருத்தரங்குக்கு வர முடியாதவங்களுக்காக இது. உங்க வீட்டுக் கதவுல ஒரு நாள் இந்த மாதிரி காகிதம் ஒட்டியிருக்கலாம். மலாய்ல 'சமன் பெமூலா'ன்னு இருக்கும். 'அத்துரான் 89'ன்னும் இருக்கலாம். இது கம்பெனி நோட்டீஸ் இல்ல. கோர்ட்டுக் காகிதம்."

(படம்: விரல் தேதியைக் காட்டுகிறது. இரண்டு விநாடி குரல் இல்லை.)

"முதல்ல தேதியப் பாருங்க. கோர்ட்டு எந்த நாள், எத்தனை மணி, எந்த ஊர். இடையில சில நாள்தான் இருக்கும். அதனால கிழிக்காதீங்க, மறைச்சு வைக்காதீங்க. கதவுல இருக்கும்போதே ஒரு படம் எடுங்க. அப்புறம் எடுத்து, ஒவ்வொரு பக்கத்தையும் படம் எடுங்க. என்னைக்கு, எத்தனை மணிக்குப் பார்த்தீங்கன்னு எழுதி வைங்க."

(படம்: காகிதத்தின் முதல் பக்கம்.)

"உங்க பேரு அதுல இல்லையா? நமக்கு இல்லன்னு விட்டுடாதீங்க. பேரு தெரியாத குடியிருப்பாளர்னு போட்டும் வழக்குப் போடலாம். பேரு இல்லாதவங்களும் என்னையும் சேர்த்துக்கோங்கன்னு கோர்ட்டுல கேட்கலாம். அன்னைக்கே உங்க செயற்குழுத் தலைவருக்குச் சொல்லுங்க. லாயரைப் பாருங்க. லாயர் இல்லன்னா வழக்கறிஞர் மன்றத்தோட சட்ட உதவி மையத்துல கேளுங்க. லாயர் கிடைக்கலன்னாலும் அந்தத் தேதியில கோர்ட்டுக்குப் போங்க. போகாம இருந்தா அவங்க சொல்றது மட்டும்தான் நீதிபதி காதுல விழும்."

(படம்: மேசை மேல் பழைய சம்பளச் சீட்டு, கடிதம், மின்சார பில்.)

"ரொம்ப வருஷம் இருந்தோம்கிறது மட்டும் போதாது. சொந்தக்காரர் நிலத்தக் கேட்டா, வருஷக் கணக்கு காப்பாத்தாது. யாரு நம்மளக் குடி வச்சாங்க, யாரு இருக்கச் சொன்னாங்க, மாத்து வீடு தரேன்னு யாரு சொன்னாங்க, அதுதான் பேசும். அதுக்குக் காகிதம் வேணும். பழைய சம்பளச் சீட்டு, கம்பெனி கடிதம், சங்கக் கடிதம், மின்சார பில், கூட்டத்துல எழுதின குறிப்பு. சம்மன் வர்றதுக்கு முன்னாடியே, இந்த வாரமே தேடி எடுங்க."

(படம்: பேசுபவரின் முகம்.)

"இது இருந்தா ஜெயிச்சிருவோம்னு சொல்லல. இது இருந்தா முழு விசாரணை கேட்க வழி இருக்குன்னு சொல்றோம். யாராவது காகிதம் கொடுத்து, கையெழுத்துப் போடுங்கன்னு சொன்னா, படிச்சுப் பார்க்காம போடாதீங்க. ஒரு நாள் டைம் கேளுங்க."

(படம்: கறுப்புப் பின்னணியில் எழுத்து: தயாரித்த மாதமும் ஆண்டும், செயற்குழுவின் பெயர். "இது பொதுத் தகவல். உங்கள் வழக்குக்கு வழக்கறிஞரைப் பாருங்கள்.")

அனுப்புவதற்கு முன்

இரண்டு சோதனைகள் செய்ய வேண்டும். முதலில், படியைப் பேச்சாளரிடம் கொடுத்து, "நீங்கள் சொல்லாத எதையாவது சொல்லியிருக்கிறோமா?" என்று கேளுங்கள். "நன்றாக இருக்கிறதா?" என்று கேட்டால் "நன்றாக இருக்கிறது" என்றுதான் பதில் வரும். முதல் வரைவில் "கோர்ட்டு முழு விசாரணை கொடுக்கும்" என்று இருந்தது. பேச்சாளர் அதை "கேட்க வழி இருக்கு" என்று மாற்றச் சொன்னார். ஒரு சொல்தான், ஆனால் முன்னது வாக்குறுதி, பின்னது உண்மை.

இரண்டாவது சோதனை, கருத்தரங்குக்கு வராத இரண்டு பேருக்கு அதைப் போட்டுக் காட்டுவது. ஒருவர் வயதானவர், ஒருவர் இளைஞர் என்று இருந்தால் நல்லது. "புரிந்ததா?" என்று கேட்காதீர்கள். யாரும் புரியவில்லை என்று சொல்ல மாட்டார்கள். "நாளைக்குக் கதவில் காகிதம் இருந்தால் முதலில் என்ன செய்வீர்கள்?" என்று கேளுங்கள். "தேதியைப் பார்ப்பேன், படம் எடுப்பேன்" என்று வந்தால் காணொளி வேலை செய்கிறது. "எங்களை அசைக்க முடியாது" என்று வந்தால், எவ்வளவு உற்சாகமாகச் சொன்னாலும், காணொளி தோற்றுவிட்டது. திரும்ப எழுதுங்கள்.

இன்னும் ஒன்று. உண்மையான குடும்பத்தின் சம்மனை எடுத்துப் படத்தில் காட்டாதீர்கள். அதில் பெயர், அடையாள அட்டை எண், வழக்கு எண் எல்லாம் இருக்கும். ஒருமுறை வாட்ஸ்அப்பில் போய்விட்டால் திரும்ப வராது. எதிர்த்தரப்புக்கும் அது போய்ச் சேரும். மாதிரிக் காகிதம் தயாரித்துக்கொள்வது அரை மணி நேர வேலை.

தயாரித்த தேதியையும் மறக்க வேண்டாம். சட்டம் மாறும். 89ஆம் கட்டளை முன்பு உயர் நீதிமன்ற விதிகள் 1980-இல் இருந்தது, 2012-இல் புதிய விதிகளுக்குள் வந்தது. நாளை இன்னொன்று வரலாம். தேதி இல்லாத காணொளி ஐந்து ஆண்டு கழித்தும் சுற்றிக்கொண்டிருக்கும், பார்ப்பவர் அதை இன்றைய சட்டம் என்று நம்புவார்.

நான்கு நிமிடக் காணொளி எதைச் செய்யாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அது வழக்கறிஞரின் இடத்தைப் பிடிக்காது. குடும்பத்துக்குக் குடும்பம் காகிதம் வேறு. ஒரே லயத்தில் ஒருவர் இன்னும் வேலையில் இருப்பார், ஒருவர் ஓய்வு பெற்றிருப்பார், ஒருவர் வேலையே செய்யாத பேரனாக இருப்பார். மூவரின் அனுமதியும் மூன்று விதம். இதைக் காணொளியில் விளக்கப் போனால் பத்து நிமிடமாகும், யாரும் கடைசிவரை பார்க்க மாட்டார்கள். அது நேரில் உட்கார்ந்து, ஒவ்வொரு வீட்டுக் காகிதத்தையும் பிரித்துப் பார்த்துச் செய்ய வேண்டிய வேலை. காணொளி அந்த நாளுக்கு அவர்களைக் காகிதத்தோடு கொண்டுவந்து சேர்த்தால் போதும்.

புக்கிட் ரோத்தான், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா பக்கத்துச் செயற்குழுக்கள் இந்தப் படியை அப்படியே எடுத்துப் பயன்படுத்தலாம். சொற்களை உங்கள் தோட்டத்துப் பேச்சுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். ஆனால் "வருஷக் கணக்கு காப்பாத்தாது" என்ற வரியையும் "ஜெயிச்சிருவோம்னு சொல்லல" என்ற வரியையும் மட்டும் எடுத்துவிடாதீர்கள். கேட்பதற்கு அவை கசப்பாக இருக்கும் என்று சிலர் சொல்வார்கள். வழக்கு நாளன்று நீதிமன்றத்தில் போய் அந்தக் கசப்பை முதல்முறையாகத் தெரிந்துகொள்வதைவிட, இன்றைக்குக் கைப்பேசியில் தெரிந்துகொள்வது நல்லது.